கோகோ பவுடர் கப்பலேறும் முன் சரிபார்க்க வேண்டிய தாள்கள்

கேள்வி: கோயம்புத்தூரில் கேக், சாக்லேட் தயாரிப்பவர்களுக்கான மூலப்பொருள்களைக் கலந்து விற்கும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். நெதர்லாந்திலிருந்து 25 கிலோ பைகளில் 400 பை கோகோ பவுடர் முதல் முறையாக நேரடியாக வாங்குகிறேன். விலை எஃப்.ஓ.பி. ரோட்டர்டாம், அதாவது அங்கே கப்பலில் ஏற்றும் வரையிலான செலவு மட்டும் சேர்ந்தது, என்று பேசியிருக்கிறோம். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங் மூன்றும் அனுப்புவதாக விற்பவர் சொல்கிறார். சரக்கு இன்னும் கப்பலேறவில்லை. சென்னைத் துறைமுகத்தில் சரக்கை விடுவிக்க இந்த மூன்றும் போதுமா? வேறு என்னென்ன தாள்கள் வேண்டும்?

பதில்: போதாது. எந்தச் சரக்குக்கும் வேண்டிய அடிப்படைத் தாள்கள் அவை. உங்களுடையது உணவுப் பொருள் என்பதால், சுங்கத்துறைக்கு மேல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் தடையின்மைச் சான்றும் கிடைத்தால்தான் சரக்கு வெளியே வரும். அந்தச் சான்றுக்கு அடிப்படையாகும் தாள்களில் பாதி விற்பவரின் ஆலையில் பை கட்டும்போதே உருவாக வேண்டியவை. சரக்கு இன்னும் அங்கேயே இருக்கும்போது நீங்கள் கேட்டிருப்பது நல்லதாயிற்று. கப்பல் புறப்பட்ட பிறகு கேட்டிருந்தால், நான் சொல்லப்போவதில் பலவற்றை இனிச் செய்ய இயலாது என்றுதான் எழுதியிருப்பேன்.

இந்தத் தாள்களைப் படிக்கப்போகிறவர் யார் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். முன்பெல்லாம் சென்னையில் இறங்கும் சரக்கை மதிப்பிடும் அதிகாரி சென்னைச் சுங்க இல்லத்திலேயே இருப்பார். ஐயம் எழுந்தால் கிளியரிங் ஏஜென்ட் நேரில் போய் விளக்கம் சொல்லலாம். 2020 ஜூன் 8 அன்று சென்னையிலும் பெங்களூருவிலும் தொடங்கி, அந்த ஆண்டு இறுதிக்குள் நாடு முழுவதும் பரவிய முகமறியா மதிப்பீட்டு முறை இதை மாற்றிவிட்டது. இப்போது, சுங்கத்துறையில் தாக்கலாகும் உங்கள் இறக்குமதி அறிக்கையான பில் ஆஃப் என்ட்ரியைப் பார்ப்பவர் வேறொரு நகரத்தில் உட்கார்ந்திருக்கலாம். அவருக்கு உங்கள் பைகளும் தெரியாது, உங்களையும் தெரியாது. சுங்கத்துறையின் இ-சஞ்சித் தளத்தில் சுங்க முகவர்களான நாங்கள் ஏற்றும் தாள்கள் மட்டுமே அவர் முன் இருக்கும். ஒரு தாளில் உள்ளது இன்னொரு தாளில் வேறாக இருந்தால், எது சரி என்று அவரால் ஊகிக்க முடியாது, கேள்வி எழுப்புவார். அந்தக் கேள்விக்குப் பதில் போய், அவர் மீண்டும் எடுத்துப் பார்க்கும் வரை உங்கள் கண்டெய்னருக்கு நாள் வாடகை ஏறிக்கொண்டிருக்கும். எனவே எத்தனை தாள்கள் இருக்கின்றன என்பதோடு, அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

உங்கள் பெயரில் இருக்க வேண்டியவற்றை முதலில் சொல்கிறேன். ஐ.இ.சி. எனப்படும் இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண், ஜி.எஸ்.டி. பதிவு, அந்நியச் செலாவணிப் பணிக்கான உங்கள் வங்கிக் கிளையின் குறியீடான ஏ.டி. கோட் ஆகிய மூன்றும் இல்லாமல் பில் ஆஃப் என்ட்ரியைத் தாக்கல் செய்ய இயலாது. முகவராக நாங்கள் உங்கள் சார்பில் செயல்பட ஓர் அதிகாரக் கடிதமும், பான் அட்டை, அடையாளச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றின் நகல்களும் வேண்டும். சுங்க முகவர் உரிம விதிகளின்படி வாடிக்கையாளரைச் சரிபார்ப்பது எங்கள் கடமை என்பதால் இவற்றைக் கேட்கிறோம். எந்த முகவராவது இவற்றைக் கேட்காமல் வேலையைத் தொடங்கினால், அவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இவற்றைவிட உங்களுக்கு அவசரமானது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. இறக்குமதி உரிமம். கலந்து விற்கும் தொழில் என்பதால் உங்களிடம் ஏற்கெனவே தயாரிப்பு உரிமம் இருக்கும். அது இறக்குமதிக்குச் செல்லாது. இறக்குமதியாளர் என்ற வகையில், ஐ.இ.சி.யில் பதிவான முகவரியிலேயே, ஒன்றிய அரசின் உரிமம் தனியாக எடுக்க வேண்டும். விதிப்படி இதை வழங்க 60 நாள் வரை ஆகலாம். ரோட்டர்டாமிலிருந்து சென்னைக்குச் சரக்கு வந்து சேர ஒரு மாதத்திற்கு மேல் ஆகும் என்பதால், கப்பல் புறப்பட்ட பிறகு விண்ணப்பித்தால் உரிமத்துக்கு முன்பே சரக்கு வந்து நிற்கக்கூடும். மேலும் உரிம எண் பையின் லேபிளில் இடம்பெற வேண்டியது. எனவே உரிமம் கையில் வரும் வரை விற்பவரிடம் பை கட்டும் வேலையைத் தொடங்கச் சொல்லாதீர்கள்.

லேபிளைப் பலர் தாளாகவே கருதுவதில்லை. ஆனால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அதிகாரி முதலில் பார்ப்பது அதைத்தான். லேபிளின் படத்தை மற்றத் தாள்களோடு சேர்த்து நாங்கள் தளத்தில் ஏற்றவும் வேண்டும். 25 கிலோ பை நேரடியாக நுகர்வோருக்குப் போவதில்லை என்பதால், கடையில் விற்கும் டப்பாவுக்குரிய எல்லா விவரங்களும் அதில் தேவையில்லை. பொருளின் பெயர், நிகர எடை, தொகுதி எண், தயாரித்த நாளும் பயன்படுத்தத்தக்க கடைசி நாளும், தயாரித்தவர் பெயரும் முகவரியும், இறக்குமதியாளர் பெயரும் முகவரியும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சின்னமும் உரிம எண்ணும், சில்லறை விற்பனைக்கல்ல என்ற குறிப்பும் இருக்க வேண்டும். இவற்றில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, சின்னம், உரிம எண் ஆகியவை விடுபட்டிருந்தால், சுங்கக் கட்டுப்பாட்டில் உள்ள கிடங்கிலேயே, பிரித்தெடுக்க முடியாத ஒரே ஸ்டிக்கராக ஒட்டிக்கொள்ள விதி இடம் தருகிறது. தொகுதி எண்ணையோ தயாரித்த நாளையோ அப்படி ஒட்ட முடியாது. அவை ஆலையிலேயே பையில் அச்சாகியிருக்க வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டும் வசதி இருக்கிறதே என்று நம்பி மற்றவற்றையும் விட்டுவிட வேண்டாம். 400 பைகளையும் கண்டெய்னரிலிருந்து இறக்கி, ஆளுக்கும் இடத்துக்கும் பணம் கொடுத்து ஒட்டுவது வீண் செலவு.

லேபிளுக்குத் துணையாக நிற்பது ஆலையின் பகுப்பாய்வுச் சான்று. விற்பவர் தருவதாகச் சொன்ன மூன்றில் இது இல்லை; கட்டாயம் கேட்டு வாங்குங்கள். உங்களுக்கு வரும் ஒவ்வொரு தொகுதிக்கும் தனித்தனிச் சான்று வேண்டும். அதில் கொழுப்பு, ஈரப்பதம், சாம்பல், நுண்ணுயிர் அளவுகள் இருக்க வேண்டும். ஆலை தன் பொருளுக்குப் பொதுவாக அச்சிட்டு வைத்திருக்கும் விவரத்தாளைச் சான்று என்று அனுப்பிவிடுவதும் உண்டு. இரண்டையும் பார்த்தவுடனே வேறுபடுத்தலாம்: விவரத்தாளில் '10 முதல் 12 சதவீதம்' என்று வரம்பு இருக்கும், தொகுதி எண் இருக்காது; சான்றில் அந்தத் தொகுதியைச் சோதித்துக் கண்ட ஒரே எண் இருக்கும், தொகுதி எண்ணும் நாளும் இருக்கும்.

கோகோ பவுடருக்கே உரிய ஒரு முரண்பாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். நெதர்லாந்திலிருந்து வருவதில் பெரும்பகுதி ஆல்கலி எனப்படும் காரம் சேர்த்துப் பதப்படுத்திய வகை. இன்வாய்ஸில் 'ஆல்கலைஸ்டு' என்றும் பையில் வெறும் 'கோகோ பவுடர்' என்றும் சான்றில் 'நேச்சுரல்' என்றும் இருந்தால், பார்க்கிறவருக்கு மூன்றும் மூன்று பொருள்கள். சர்க்கரை கலந்ததா என்பதும் எல்லாத் தாள்களிலும் ஒன்றுபோலத் தெரிய வேண்டும். சர்க்கரையோ வேறு இனிப்போ சேராத கோகோ பவுடர் 1805 என்ற தலைப்பின் கீழும், சேர்த்தது 1806 என்ற தலைப்பின் கீழும் வருகிறது. இன்வாய்ஸில் ஒரே வரியில் 'சர்க்கரை சேர்க்காத, ஆல்கலைஸ்டு கோகோ பவுடர், கொழுப்பு 10-12 சதவீதம்' என்று எழுதச் சொல்லி, அதே சொற்களை மற்ற எல்லாத் தாள்களிலும் அப்படியே எழுதச் சொன்னால் இந்தச் சிக்கல் எழாது.

இனி இன்வாய்ஸுக்கு வருகிறேன். உங்கள் விலை எஃப்.ஓ.பி. என்பதால், அந்த ஒரு தாளை மட்டும் வைத்து வரி கணக்கிட முடியாது. சுங்க வரி கணக்கிடப்படுவது சரக்கின் விலை, கப்பல் கட்டணம், காப்பீடு மூன்றும் சேர்ந்த மதிப்பின் மீது. கணக்கு எளிதாக இருக்க, கிலோ 5 யூரோ என்று வைத்துக்கொள்வோம். 10,000 கிலோவுக்கு எஃப்.ஓ.பி. மதிப்பு 50,000 யூரோ. கப்பல் கட்டணம் 1,800 யூரோ என்றால், அதற்குச் சரக்கு அனுப்பும் நிறுவனத்தின் கட்டண ரசீதைக் காட்ட வேண்டும். காப்பீட்டுக்குப் பாலிசியும் செலுத்திய தொகையும் காட்ட வேண்டும். பாலிசி இல்லாவிட்டால், எஃப்.ஓ.பி. மதிப்பில் 1.125 சதவீதத்தைக் காப்பீடாகச் சேர்க்க வேண்டும் என்பது மதிப்பீட்டு விதி. இங்கே அது 562.50 யூரோ. ஆகமொத்தம் 52,362.50 யூரோ. இதைச் சுங்கத்துறை அறிவித்திருக்கும் மாற்று விகிதத்தால் ரூபாயாக்குவார்கள். உங்கள் வங்கி பணம் அனுப்பிய விகிதம் இங்கே செல்லாது.

கப்பல் கட்டண ரசீது இல்லாவிட்டால், கட்டணத்தை அறிய முடியவில்லை என்று எஃப்.ஓ.பி. மதிப்பில் 20 சதவீதத்தைச் சேர்ப்பதே விதி. அதாவது 1,800 யூரோவுக்குப் பதில் 10,000 யூரோ. மதிப்பு 8,200 யூரோ கூடுகிறது. கோகோ பவுடருக்கு அடிப்படைச் சுங்க வரி 30 சதவீதம்; அந்த வரியின் மீது 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி. இரண்டும் சேர்ந்து 33 சதவீதம். ஆகவே ஒரு ரசீது இல்லாததால் நீங்கள் கூடுதலாகக் கட்டுவது 2,706 யூரோ. இது திரும்பி வராத பணம். இதற்கு மேல், இந்த 33 சதவீதம் சேர்ந்து 133 ரூபாயாகிவிட்ட ஒவ்வொரு 100 ரூபாய் மதிப்புக்கும் 5 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி. என 6 ரூபாய் 65 காசு உண்டு. அதை மட்டும் உள்ளீட்டு வரி வரவாக நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். மொத்தமாகப் பார்த்தால் 100 ரூபாய் மதிப்புக்கு 39 ரூபாய் 65 காசு கட்ட வேண்டும் என்பதை மனத்தில் வைத்துப் பணத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

காப்பீட்டு பாலிசியைப் பற்றி இன்னொரு சொல். 1.125 சதவீதம் என்பது வரிக் கணக்குக்கு மட்டுமே. சரக்கு நனைந்தால் உங்களுக்கு யாரும் அதிலிருந்து பணம் தரப்போவதில்லை. எஃப்.ஓ.பி. முறையில் சரக்கு கப்பலில் ஏறியது முதல் இடர்ப்பாடு உங்களுடையது. கோகோ பவுடர் ஈரத்தை இழுக்கும் பொருள். கப்பல் புறப்படும் நாளுக்கு முன் தேதியிட்ட பாலிசியைக் கோயம்புத்தூரிலேயே எடுத்துவிடுங்கள்.

பேக்கிங் லிஸ்ட்தான் அதிகம் பிழை வரும் தாள் என்பது என் அனுபவம். உங்கள் சரக்கையே எடுத்துக்கொள்வோம். 400 பைகளை ஒரு பேலட்டுக்கு 40 என்று அடுக்கினால் 10 பேலட்டுகள். நிகர எடை 10,000 கிலோ. காலிப் பை ஒன்று 300 கிராம் என்றால் பைகளின் எடை 120 கிலோ. மரப் பேலட் ஒன்று 20 கிலோ என்றால் 200 கிலோ. மொத்த எடை 10,320 கிலோ வர வேண்டும். விற்பவரின் அலுவலகத்தில் இருப்பவர் பேலட்டை மறந்து 10,120 என்று பேக்கிங் லிஸ்டில் எழுதியிருப்பார். கிடங்கில் எடை போட்டவர் சொன்ன 10,320 பில் ஆஃப் லேடிங்கில் ஏறியிருக்கும். எண்ணிக்கையிலும் இதே கதைதான்: பில் ஆஃப் லேடிங்கில் '10 பேலட்' என்று மட்டும் இருக்கும், இன்வாய்ஸில் '400 பை' என்று இருக்கும். கப்பல் நிறுவனம் இங்கே சுங்கத்துறைக்குத் தாக்கல் செய்யும் சரக்குப் பட்டியலில் பில் ஆஃப் லேடிங்கில் உள்ளதே போகும். நாங்கள் பில் ஆஃப் என்ட்ரியில் 400 பை என்று போட்டால் இரண்டும் பொருந்தாது. சரக்குப் பட்டியலைத் திருத்துவது கப்பல் நிறுவனத்தின் வேலை; அதற்குக் கட்டணமும் நாளும் ஆகும். 'மொத்தம் 400 பைகள் கொண்ட 10 பேலட்டுகள்' என்று எல்லாத் தாளிலும் எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

பேக்கிங் லிஸ்டில் தொகுதி எண்களும் வேண்டும். 400 பைகளும் ஒரே தொகுதியாக இருக்க முடியுமா என்று விற்பவரைக் கேளுங்கள். 6 பேலட் ஒரு தொகுதி, 4 பேலட் இன்னொரு தொகுதி என்றால், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. இரண்டுக்கும் தனித்தனியாக மாதிரி எடுக்க நேரலாம். அப்போது சோதனைக் கட்டணமும் இரண்டு மடங்கு. எந்தப் பேலட்டில் எந்தத் தொகுதி என்று பேக்கிங் லிஸ்ட் சொன்னால், அதிகாரி வந்து நிற்கும்போது எல்லாவற்றையும் பிரித்துத் தேட வேண்டியிருக்காது. நாள்களை எழுதும் முறையையும் பாருங்கள். ஐரோப்பாவில் நம்மைப் போலவே நாளை முதலில் எழுதுவார்கள் என்றாலும், ஆலையின் கணினி மாதத்தை முதலில் அச்சிட்டால் 05/03 என்பது மார்ச் 5 ஆகவும் படிக்கப்படும், மே 3 ஆகவும் படிக்கப்படும். மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்வதே நல்லது.

பேலட்டுகள் மரமாக இருந்தால், பூச்சி இல்லாதபடி வெப்பத்தாலோ புகைமூட்டத்தாலோ பதப்படுத்தியதற்கான கோதுமைக் கதிர் வடிவ ஐ.பி.பி.சி. முத்திரை ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும். முத்திரை இல்லாத மரத்துக்காக, அதன்மேல் இருக்கும் குற்றமற்ற சரக்கும் தாவரப் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதிக்காகக் காத்திருக்க நேரும். பிளாஸ்டிக் பேலட் போட்டுத் தர முடியும் என்றால் இந்தக் கவலையே இல்லை.

பில் ஆஃப் லேடிங்கை, அச்சாகும் முன் வரைவாக வாங்கிப் பாருங்கள். உங்கள் நிறுவனத்தின் பெயர் ஐ.இ.சி.யில் உள்ளபடியே, ஒரு புள்ளி கூட மாறாமல் இருக்க வேண்டும், ஐ.இ.சி. எண், ஜி.எஸ்.டி. எண் இரண்டும் அதில் இடம்பெறச் சொல்லுங்கள். மீதிப் பணத்தை வங்கி வழியாகத் தாள்களைப் பெற்றுக்கொண்டு செலுத்துவதாக ஏற்பாடு இருந்தால், பில் ஆஃப் லேடிங் உங்கள் வங்கியின் பெயருக்கு எழுதப்பட்டிருக்கும். அப்போது வங்கி பின்புறத்தில் கையொப்பமிட்டு மாற்றித் தந்த மூலப் பிரதியைக் கப்பல் நிறுவனத்திடம் கொடுத்தால்தான் சரக்கை ஒப்படைக்கச் சொல்லும் டெலிவரி ஆர்டர் கிடைக்கும். ஒப்பந்தம் வேறு விதமாக இருந்து, விற்பவர் மூலப் பிரதிகளை அங்கேயே ஒப்படைத்துவிட்டு மின்னஞ்சல் வழியே விடுவிக்கச் சொல்வாரானால், இங்கே நகல் போதும். எந்த முறை என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். கண்டெய்னரை எத்தனை நாள் வாடகையின்றி வைத்துக்கொள்ளலாம் என்பதையும் கப்பல் கட்டணம் பேசும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சோதனை உள்ள சரக்குக்கு 14 நாளாவது கேட்டுப் பெறுவது நல்லது.

தோற்றச் சான்று பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் விற்பவர் வேண்டுமா என்று கேட்பார். தோற்றச் சான்றைக் காட்டி வரியைக் குறைக்கும் சலுகையை நம்பி இந்தச் சரக்கின் விலையைக் கணக்கிட வேண்டாம். மேலே போட்ட 30 சதவீதக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள வணிகச் சபை தரும் சாதாரணச் சான்று இருந்தால், தோற்ற நாடு எது என்ற கேள்விக்கு அது துணையாக நிற்கும். கொட்டை ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருந்தாலும், அரைத்துப் பொடியாக்கியது நெதர்லாந்து என்பதால் தாள்களில் அந்நாட்டின் பெயரே வர வேண்டும். பின்னொரு நாள் மலேசியாவிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வாங்குவீர்களானால் நிலை வேறு. ஆசியான் ஒப்பந்தத்தின் சலுகை கோர அந்நாட்டு அரசு அமைப்பு வழங்கும், ஆசியான்-இந்தியா என்பதன் சுருக்கமான ஏ.ஐ. படிவத் தோற்றச் சான்று வேண்டும். அதோடு 2020 செப்டம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள கரோட்டர் விதிகளின்படி, பொருள் அங்கே எப்படி உருவானது என்ற விவரங்களை இறக்குமதியாளரான நீங்களே முன்கூட்டித் திரட்டி, ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். சான்று இருக்கிறதே என்று சும்மா இருக்க இயலாது.

கப்பல் வருவதற்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி தாக்கலாகியிருக்க வேண்டும். வருகைக்கு 30 நாள் முன்பிருந்தே தாக்கல் செய்யலாம். தவறினால் முதல் மூன்று நாள்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாயும், அதன் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாயும் தாமதக் கட்டணம். ஐந்து நாள் தாமதித்தால் 35,000 ரூபாய். எனவே எல்லாத் தாள்களின் நகல்களும் கப்பல் புறப்பட்ட ஒரு வாரத்துக்குள் எனக்கு வந்துவிட வேண்டும். தாக்கல் செய்ததும் விவரங்கள் ஒற்றைச் சாளர முறையில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.க்கும் போகும். அவர்கள் தாள்களைப் பார்த்து, கட்டணம் பெற்று, சரக்கைப் பார்வையிட நாள் குறிப்பார்கள். மாதிரி எடுக்கத் தீர்மானித்தால் இரண்டு பகுதிகளாக எடுத்து, ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்பி, மற்றதைத் தங்களிடம் வைத்துக்கொள்வார்கள். ஆய்வகம் ஐந்து நாளில் அறிக்கை தர வேண்டும் என்பது விதி. முடிவு பாதகமாக வந்து நீங்கள் அதை ஏற்காவிட்டால், வைத்திருக்கும் இரண்டாவது பகுதியை மேல்நிலை ஆய்வகத்துக்கு அனுப்பக் கோரலாம். அப்போது உங்களுக்குத் துணை நிற்கப்போவது ஆலையின் பகுப்பாய்வுச் சான்றுதான்; அதை வலியுறுத்திச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

வரியைக் கட்டச் சொல்லி பில் ஆஃப் என்ட்ரி திரும்பி வந்ததும் அடுத்த வேலை நாளுக்குள் கட்டிவிட வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி ஏறும். வரியை உங்கள் நிறுவனக் கணக்கிலிருந்தே கட்டுங்கள். முகவரிடம் பணத்தைக் கொடுத்துக் கட்டச் சொல்வது பழைய வழக்கம். அதைத் தொடர வேண்டிய தேவை இன்று இல்லை.

தாளில் பிழை இருந்தால் பிறகு திருத்திக்கொள்ளலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். சரக்கு சுங்கத்திலிருந்து வெளியேறும் முன் திருத்தம் கோரலாம். வெளியேறிய பிறகு, சுங்கச் சட்டத்தின் 149ஆம் பிரிவின்படி, சரக்கை விடுவித்த நேரத்தில் ஏற்கெனவே இருந்த ஆவணத்தின் அடிப்படையில் மட்டுமே திருத்த முடியும். பின்னர் எழுதி வாங்கிய கடிதமோ புதிய இன்வாய்ஸோ உதவாது. விற்பவர் 'திருத்திய இன்வாய்ஸ் அனுப்புகிறேன்' என்று எளிதாகச் சொல்வார். அவர் ஊரில் அது எளிதாகவும் இருக்கலாம். இங்கே ஒரே எண்ணில், ஒரே நாளில் இரண்டு விதமான இன்வாய்ஸ்கள் இருப்பது, எது உண்மை விலை என்ற ஐயத்தைத்தான் கிளப்பும்.

ஆகவே இன்றைக்கே விற்பவருக்கு எழுதி, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பகுப்பாய்வுச் சான்று, லேபிள், பில் ஆஃப் லேடிங் ஆகிய ஐந்தின் வரைவையும் கையொப்பமிடும் முன் அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் அவற்றை மேசையில் பக்கம் பக்கமாக விரித்து, பொருளின் பெயர், எண்ணிக்கை, இரண்டு எடைகள், தொகுதி எண், உங்கள் பெயர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பிறகு எனக்கு அனுப்புங்கள். நானும் ஒருமுறை பார்க்கிறேன்.

சரக்கு விடுதலையான பிறகும் இரண்டு தாள்கள் இருக்கின்றன. சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்கு லாரி புறப்படும் முன் பில் ஆஃப் என்ட்ரி எண்ணைக் கொண்டு இ-வே பில் எடுக்க வேண்டும்; வெளிநாட்டுச் சரக்குக்கு அது எதற்கு என்று கேட்டு வழியில் மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அனுப்பிய பணத்துக்குச் சரக்கு வந்து சேர்ந்ததை வங்கி தன் பதிவேட்டில் முடித்து வைக்க வேண்டும். பில் ஆஃப் என்ட்ரி விவரம் கணினி வழியே வங்கிக்குப் போய்விடும் என்றாலும், முன்பணமும் மீதிப் பணமும் அந்த ஒரே பில்லோடு சேர்க்கப்பட்டுவிட்டனவா என்று கிளையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முன்பணம் தனியாக நிலுவையில் நின்றால், அடுத்த சரக்குக்குப் பணம் அனுப்பும்போதுதான் அது தெரியவரும்.